ஒரு வாட் இரும்பு, இருபது வாட் தாமிரம்

ஊர் முழுக்க விளக்கணைத்துப் படுத்த பிறகும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டேதான் இருக்கும். அந்த முனகலுக்கும் ஊரில் ஓடும் மின்விசிறிகளின் எண்ணிக்கைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. உள்ளே எண்ணெயில் மூழ்கியிருக்கும் இரும்புத் தகடுகள் காந்தமேறும்போது மிக மிக நுண்ணிய அளவில் நீள்கின்றன. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு திசையிலும் ஒருமுறை உச்சத்துக்குப் போகிறது. எந்தத் திசையில் போனாலும் தகடு நீளத்தான் செய்யும். ஆகவே நொடிக்கு 100 முறை அது அதிர்கிறது. அதைத்தான் நம் காது முனகலாகக் கேட்கிறது.

காந்தத்தை இப்படி ஓயாமல் திருப்பிப் போட ஆற்றல் வேண்டும். அது தகடுகளில் வெப்பமாகக் கரைகிறது. தகட்டுக்குள்ளேயே சிறு சிறு சுழல்களாக மின்னோட்டம் ஓடியும் கொஞ்சம் வெப்பம் உண்டாகிறது. இரண்டும் சேர்ந்ததற்கு இரும்பு இழப்பு என்று பெயர். காந்தத்தின் அளவைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். 11,000 வோல்ட் கம்பி இணைந்திருக்கும்வரை, ஊரில் ஒரு விளக்கு எரிந்தாலும் ஆயிரம் விளக்கு எரிந்தாலும் இரும்பு இழப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இன்னொரு இழப்பு சுருள்களில் நடக்கிறது. கம்பியில் மின்னோட்டம் ஓடினால் கம்பி சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்; பாதியானால் கால் பங்காகும். சுருள் அலுமினியக் கம்பியால் ஆனதாக இருந்தாலும் பழக்கத்தில் இதைத் தாமிர இழப்பு என்றே சொல்கிறார்கள். இது சுமையோடு ஏறும், சுமையோடு இறங்கும். ஊர் தூங்கினால் இதுவும் தூங்கிவிடும்.

இந்த இரண்டையும் எப்படி அளக்கிறார்கள் என்பதே சுவையான விஷயம். உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் அளந்து கழித்துப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. நல்ல டிரான்ஸ்பார்மரில் இழப்பு மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு பக்க மீட்டரிலும் அரை சதவீதப் பிழை இருந்தாலே, கழித்து வரும் விடையில் பாதி பிழையாகிவிடும். அதனால் தொழிற்சாலையில் இழப்புகளைத் தனித்தனியாகவே பிடிக்கிறார்கள். 11,000 வோல்ட் பக்கத்தைத் திறந்தபடி விட்டு, தாழ்வழுத்தப் பக்கத்தில் 433 வோல்ட் கொடுத்தால் வாட்மீட்டர் காட்டுவது இரும்பு இழப்பு. தாழ்வழுத்தப் பக்கத்தைக் குறுக்கே இணைத்துவிட்டு, மறுபக்கத்தில் முழுச் சுமை மின்னோட்டம் ஓடும் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்தால் வாட்மீட்டர் காட்டுவது தாமிர இழப்பு. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு இதற்கு 500 வோல்ட் அளவில் கொடுத்தாலே போதும். அழுத்தம் அவ்வளவு குறைவு என்பதால் இரும்பு அதில் தலையிடுவதில்லை.

தமிழ்நாட்டுத் தெருக்களிலும் வயல்களிலும் அதிகம் கண்ணில் படுகிற அளவுகளில் ஒன்று இந்த 100 கே.வி.ஏ. இதன் பழைய இந்தியத் தரத்தின்படி இரும்பு இழப்பு 260 வாட்; முழுச் சுமையில் தாமிர இழப்பு 1,760 வாட். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். கணக்கு எளிதாக இருக்க, சுமையின் பவர் ஃபேக்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அது குறைந்தால் அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் வேண்டியிருக்கும். விடைகள் எல்லாம் சற்று மோசமாகும்.

முழுச் சுமையில் ஒரு லட்சம் வாட் வெளியே போகிறது. 2,020 வாட் இழப்பு. பயனுறுதிறன் 98.02 சதவீதம். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் முதலில் திறன் ஏறுகிறது. தாமிர இழப்பு சுமையைவிட வேகமாக இறங்குவதுதான் காரணம். ஓர் இடத்துக்கு வந்ததும் ஏற்றம் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே போனால், அசையாமல் நிற்கும் 260 வாட்டைப் பங்குபோட்டுக்கொள்ள வெளியே போகும் மின்சாரம் போதாமல் போகிறது. திறன் சரியத் தொடங்குகிறது.

அந்த இடம் எது? வெளியே போகும் ஒவ்வொரு கிலோவாட்டின் தலையிலும் எவ்வளவு இழப்பு விழுகிறது என்று பார்த்தால் விடை தெரியும். சுமை ஏற ஏற இரும்பின் பங்கு குறைந்துகொண்டே போகும். தாமிரத்தின் பங்கு அதே போக்கில் கூடிக்கொண்டே வரும். இரண்டும் சமமாகும் புள்ளியில் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும். இரும்பு இழப்பும் தாமிர இழப்பும் சமமாகும் சுமையில் திறன் உச்சம் என்று பாலிடெக்னிக் பாடப்புத்தகம் சொல்லும் நிபந்தனை இதுதான். நம் டிரான்ஸ்பார்மரில் 260-ஐ 1,760-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.384. அதாவது ஏறக்குறைய 38 கிலோவாட் சுமையில் இரும்பும் 260 வாட், தாமிரமும் 260 வாட், பயனுறுதிறன் 98.67 சதவீதம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த உச்சி கூர்மையானது அல்ல, மேட்டுநிலம் போலப் பரந்தது. 20 கிலோவாட்டிலும் 98.4 சதவீதம், 80 கிலோவாட்டிலும் 98.3 சதவீதம். அதனால் சுமையைச் சரியாக 38-இல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. சரிவு ஆரம்பிப்பது பத்து கிலோவாட்டுக்குக் கீழே: அங்கே 97.3 சதவீதம், இரண்டு கிலோவாட்டில் வெறும் 88.5. ஒரு சிற்றூரின் டிரான்ஸ்பார்மர் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அந்தச் சரிவை ஒட்டித்தான்.

ஆலையில் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரியான சுமை. அதற்கு உச்சத் திறன் எங்கே என்று கேட்பது பொருத்தம். ஊர் டிரான்ஸ்பார்மருக்கு அந்தக் கேள்வி போதாது. அதற்குத்தான் முழு நாள் பயனுறுதிறன் என்று வேறொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இதில் வாட்டை விட்டுவிட்டு யூனிட்டில் பேச வேண்டும். 24 மணி நேரத்தில் வெளியே போன யூனிட்டை, உள்ளே வந்த யூனிட்டால் வகுக்க வேண்டும்.

ஓர் ஊரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இரவு பதினொன்று முதல் விடிகாலை ஐந்து வரை ஆறு மணி நேரம், மின்விசிறிகளும் குளிர்பெட்டிகளும் தெருவிளக்கும் சேர்ந்து 8 கிலோவாட். ஐந்திலிருந்து ஒன்பது வரை மிக்ஸி, கிரைண்டர், குடிநீர்த் தொட்டி மோட்டார் என்று 25 கிலோவாட். பகல் ஒன்பது மணி நேரம் 12 கிலோவாட். மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை 40 கிலோவாட். இது கணக்குக்காக அமைத்த நாள்தான் என்றாலும் வீடுகள் மிகுந்த ஊர்களின் சுமை ஏறக்குறைய இந்த உருவத்தில்தான் இருக்கும். மொத்தம் 456 யூனிட் வெளியே போகிறது.

இரும்பு இழப்பு 260 வாட், 24 மணி நேரம்: 6.24 யூனிட். தாமிர இழப்பைக் காலத்துக்குக் காலம் தனியாகக் கணக்கிட வேண்டும். மாலை ஐந்து மணி நேரத்தில் மட்டும் 1.4 யூனிட் போகிறது. காலை நான்கு மணி நேரத்தில் 0.44. பகல் ஒன்பது மணி நேரம் முழுவதிலும் 0.23 தான். இரவு ஆறு மணி நேரத்தில் 0.07, கணக்கில் எடுத்துக்கொள்ளவே வேண்டாம் என்று சொல்லும் அளவு. எல்லாம் சேர்த்து 2.14 யூனிட். இரண்டு இழப்பையும் கூட்டினால் 8.38. முழு நாள் பயனுறுதிறன் 98.2 சதவீதம்.

மாலையில் இந்த டிரான்ஸ்பார்மர் தன் உச்சத் திறனுக்கு வெகு அருகில் ஐந்து மணி நேரம் நிற்கிறது. இருந்தும் நாள் முடிவில் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கைநழுவிப் போயிருக்கிறது. போன யூனிட்டில் நான்கில் மூன்று பங்கு இரும்பின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு எண்ணைப் பிழிந்தெடுக்கலாம். டிரான்ஸ்பார்மர் வாங்குகிறவர்கள் எல்லாரும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் அது. இரும்பு இழப்பில் ஒரு வாட் கூடினால் நாளுக்கு 24 வாட்-மணி போகும். முழுச் சுமைத் தாமிர இழப்பில் ஒரு வாட் கூடினால் இந்த ஊரில் நாளுக்கு 1.22 வாட்-மணிதான் போகும். ஆகவே இந்த ஊரைப் பொறுத்தவரை ஒரு வாட் இரும்பு ஏறக்குறைய இருபது வாட் தாமிரத்துக்குச் சமம். சுமை கூடிய ஊரில் இந்த விகிதம் குறையும். இன்னும் சின்ன ஊரில் கூடும். மின்வாரியங்கள் டெண்டர்களை ஒப்பிடும்போது விலையோடு ஒவ்வொரு வாட் இழப்புக்கும் ஒரு தொகையைக் கூட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. இரும்பு வாட்டுக்கு ஒரு தொகை, தாமிர வாட்டுக்கு வேறொரு தொகை. அந்த இரண்டு தொகைகளுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளி எவ்வளவு என்பதைத்தான் இந்த இருபது சொல்கிறது.

இனி தரநிர்ணயத்துக்கு வருவோம். இந்தியத் தரமான ஐ.எஸ். 1180 தன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் அணுகுமுறையையே மாற்றிக்கொண்டது. இரும்புக்கு இவ்வளவு, தாமிரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதை விட்டுவிட்டு, பாதிச் சுமையில் மொத்த இழப்பு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, முழுச் சுமையில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. 100 கே.வி.ஏ.வுக்கு முதல் நிலையில் அந்த வரம்புகள் 520 வாட், 1,800 வாட். பழைய டிரான்ஸ்பார்மர் பாதிச் சுமையில் 700 வாட், முழுச் சுமையில் 2,020 வாட் தின்றது என்பதை நினைத்தால் இது நல்ல முன்னேற்றம். அடுத்தடுத்த நிலைகள் இன்னும் கடுமையானவை.

ஆனால் 520 என்ற ஓர் எண்ணைப் பல வழிகளில் எட்டலாம். ஓர் உற்பத்தியாளர் இரும்பு இழப்பை 93 வாட்டுக்குக் குறைத்து, தாமிர இழப்பை 1,707 வாட்டில் விடலாம்: பாதிச் சுமையில் 520, முழுச் சுமையில் 1,800. இன்னொருவர் சுமாரான தகடு போட்டு 170 வாட் இரும்பு இழப்போடு, கம்பியைப் பருமனாக்கித் தாமிர இழப்பை 1,400-க்குக் கொண்டுவரலாம்: பாதிச் சுமையில் அதே 520; முழுச் சுமையில் 1,570. தகட்டில் பொறித்திருக்கும் எண்களைப் பார்க்கிறவர் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பார். பாதிச் சுமையில் சமம், முழுச் சுமையில் 230 வாட் லாபம் அல்லவா?

நம் ஊரில் இரண்டையும் நிறுத்திப் பார்க்கலாம். முதலாவது நாளுக்கு 4.31 யூனிட் இழக்கிறது. இரண்டாவது 5.79 யூனிட். பார்வைக்கு மேலானதாகத் தெரிந்தது ஆண்டுக்கு 538 யூனிட் கூடுதலாகத் தின்கிறது. டிரான்ஸ்பார்மர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கும் பொருள். ஒரு மாவட்டத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பாதிச் சுமைக்கும் முழுச் சுமைக்கும் வரம்பு வைத்த தரம், சுமையே இல்லாத நேரத்துக்குத் தனி வரம்பு வைத்திருந்தால் இந்த இடைவெளி இருந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இரண்டு இழப்புக்கும் தனித்தனி வரம்பு வைக்கிறது. அங்கே 2021 ஜூலைக்குப் பிறகு விற்பனைக்கு வரும் 100 கே.வி.ஏ. எண்ணெய் டிரான்ஸ்பார்மருக்குச் சுமையில்லா நிலையில் 130 வாட், சுமை இழப்பில் 1,250 வாட் என்பது வரம்பு. கிராமப்புறத்துக்கு வாங்குகிறவர்கள் தங்கள் டெண்டரில் இரும்பு இழப்புக்கு ஒரு தனி வரி சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது வடிவம் எல்லா இடத்துக்கும் தவறானது என்று பொருள் கொள்ளக்கூடாது. நாளின் சுமைகளை வர்க்கம் செய்து சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் தாமிர இழப்பு உணரும் சராசரிச் சுமை கிடைக்கும். நம் ஊரில் அது 22.5 சதவீதம். அது 50 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் கணக்கு தலைகீழாகும். பருமன் கம்பி போட்டதே வெல்லும். வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்துவிட்ட நகரத் தெருவில் அதற்கு வாய்ப்புண்டு. முடிவெடுக்கும் முன் தாழ்வழுத்தக் கேபிளில் டாங் டெஸ்டர் மாட்டி, மாலையில் மட்டுமல்லாமல் நள்ளிரவிலும் பகல் பதினொரு மணிக்கும் ஆம்பியரைக் குறித்துக்கொண்டால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். 100 கே.வி.ஏ.வுக்கு முழுச் சுமை என்றால் ஒவ்வொரு பேஸிலும் 133 ஆம்பியர்.

குறைந்த சுமையின் கடைசி எல்லை வயலில் இருக்கிறது. 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றில் இரண்டு ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் ஓடுவதாகக் கொள்வோம். பழைய தரத்தில் இதற்கு இரும்பு இழப்பு 100 வாட், தாமிர இழப்பு 685 வாட். இரண்டு மோட்டாரும் ஓடும்போது சுமை பாதிக்குச் சற்றுக் குறைவு, பயனுறுதிறன் 97.4 சதவீதம். நாளுக்கு ஏழு மணி நேரம் ஓட்டினால் முழு நாள் கணக்கில் அது 95 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அறுவடை முடிந்து மோட்டார் ஓடாத மாதத்தில் வெளியே போவது பூஜ்யம். தகடுகளைக் காந்தமாக்க மட்டும் 72 யூனிட். அந்த மாதத்தில் ஏ.பி. சுவிட்சைத் திறந்து வைக்கலாமே என்று கேட்கலாம். கணக்குப்படி சரி. ஆனால் மின்சாரம் இல்லாத டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கும் தாமிரத்துக்கும் திருடர்களை அழைக்கும். குளிர்ந்த எண்ணெய் ஈரத்தையும் எளிதில் வாங்கும். எனவே சுவிட்சை மூடியே வைத்து, தகட்டைத்தான் மேம்படுத்த வேண்டியிருக்கிறது.

தகட்டின் கதை நீண்டது. அமெரிக்கரான நார்மன் காஸ் 1934-இல் காப்புரிமை பெற்ற முறை, எஃகின் படிகங்களை ஒரே திசையில் படுக்க வைத்து இரும்பு இழப்பைப் பெருமளவு வெட்டியது. இன்று சி.ஆர்.ஜி.ஓ. என்று தொழிலில் எல்லாரும் சொல்லும் தகடு அந்த வழியில் வந்ததுதான். கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதற்கு அடுத்து வந்தது அமார்ஃபஸ் உலோகம். உருகிய உலோகத்தை மிக வேகமாகக் குளிரவைத்து, படிகமே உருவாகாமல் செய்த நாடா, தடிமன் 0.025 மில்லிமீட்டர் அளவு. காந்தம் திசை மாற அதில் தடை மிகக் குறைவு, சி.ஆர்.ஜி.ஓ.வில் போகும் இரும்பு இழப்பில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். மேலே சொன்ன 93 வாட் போன்ற எண்ணை எளிதில் எட்ட இதுவே வழி. ஆனால் இது சி.ஆர்.ஜி.ஓ. அளவுக்குக் காந்தத்தைத் தாங்காது. அதனால் உள்ளகம் பெரிதாகிறது. அதைச் சுற்றும் கம்பி நீள்கிறது. எடையும் விலையும் கூடுகின்றன. நாடா நொறுங்கும் இயல்புள்ளது என்பதால் பழுது பார்ப்பதும் கடினம்.

பழுது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எரிந்த டிரான்ஸ்பார்மரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் மேல் தகடுகளை உருவி, சுருளைக் கழற்றி, புதுச் சுருளை இறக்கி, தகடுகளைத் திரும்ப அடுக்குகிறார்கள். மூலை இணைப்பில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும், சுத்தியல் தட்டில் தகடு நெளிந்தாலும், ஓரத்துப் பிசிறு பக்கத்துத் தகட்டின் பூச்சைக் கிழித்தாலும் இரும்பு இழப்பு ஏறிவிடும். வெளியே எதுவும் தெரியாது. மின்னழுத்தம் சரியாக வரும், விளக்கு எரியும், மோட்டார் ஓடும். முனகல் கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவுதான். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பட்டறையை விட்டு வெளியேறும் முன் 433 வோல்ட் கொடுத்து வாட்மீட்டரில் பார்த்து, தொழிற்சாலையின் பழைய சோதனைத் தாளோடு ஒப்பிடுவது. 260 வாட் காட்ட வேண்டிய இடத்தில் 340 காட்டினால், கூடிய 80 வாட் நாளுக்கு 1.92 யூனிட்டைத் தின்னும். ஆண்டுக்கு 700 யூனிட். நாம் கணக்கிட்ட ஊரில் அத்தனை வீடுகளும் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் சேர்ந்து ஒரு நாளில் உண்டாக்கும் தாமிர இழப்பு மொத்தமே 2.14 யூனிட்தான்.